நூலுக்குள் ஒளிந்த இரண்டு கோடி

ஒரு நூற்பாலை. அதனிடம் நூல் வாங்கிப் பனியன் தைக்கும் ஒரு பின்னலாடை நிறுவனம். ஏப்ரல் 1 அன்று பின்னலாடை நிறுவனத்தின் பங்குகளில் 80 சதவீதத்தை நூற்பாலை வாங்கிவிடுகிறது. மறுநாளும் அதே லாரியில் அதே நூல் போகிறது, பில் போடப்படுகிறது, பணம் வருகிறது. சட்டப்படி இரண்டும் தனித்தனி கம்பெனிகள்தான். ஆனால் இப்போது நூற்பாலை நினைத்தால், ஆண்டு முடிவதற்கு முன் இரண்டு லோடு நூலைக் கூடுதலாக அனுப்பி, தன் கணக்கில் லாபத்தை ஏற்றிக்கொள்ள முடியும். வாங்கமாட்டேன் என்று சொல்லும் நிலையில் பின்னலாடை நிறுவனம் இல்லை.

இதனால்தான் துணை நிறுவனம் வைத்திருக்கும் கம்பெனி தன் தனிக் கணக்கோடு ஒருங்கிணைந்த நிதிநிலை அறிக்கையையும் தர வேண்டும் என்கிறது 2013 கம்பெனிகள் சட்டத்தின் 129(3) பிரிவு. சில விலக்குகள் உண்டு. தயாரிக்கும் முறையை இண்ட் ஏஎஸ் 110 என்ற கணக்கியல் தரநிலை சொல்கிறது. இரண்டு கம்பெனிகளையும் ஒரே கம்பெனி என்று பாவித்தால் வெளியுலகத்தோடு அதன் கணக்கு என்ன என்பதே கேள்வி. அமெரிக்காவின் யுனைடெட் ஸ்டேட்ஸ் ஸ்டீல் நிறுவனம் 1902ஆம் ஆண்டுக்கு இப்படித்தான் கணக்கு வெளியிட்டது. சட்டம் பல நாடுகளில் பின்னால்தான் வந்தது.

நம் நூற்பாலைக்கு வருவோம். எண்கள் கற்பனைதான், வரிகளை ஒதுக்கி வைத்துவிடுவோம். வாங்கிய நாளில் பின்னலாடை நிறுவனத்தின் நிகர சொத்து 75 கோடி ரூபாய். அதில் 80 சதவீதம் 60 கோடி. ஆனால் கொடுத்த விலை 72 கோடி. அதிகமாகக் கொடுத்த 12 கோடிக்குக் கையில் பிடிக்கும்படியான சொத்து எதுவும் இல்லை. பிராண்டுகளையும் வாடிக்கையாளர் ஒப்பந்தங்களையும் அடையாளம் கண்டு மதிப்பிட்ட பிறகும் மிஞ்சுவதுதான் அது. அதற்கு நற்பெயர் மதிப்பு, அதாவது குட்வில் என்று பெயர்.

மீதி 20 சதவீதம் பழைய பங்குதாரர்களிடமே இருக்கிறது. அப்படியானால் பின்னலாடை நிறுவனத்தின் சொத்தில் 80 சதவீதத்தை மட்டும் சேர்த்தால் போதாதா? போதாது. நூற்பாலையின் ஆணை 80 சதவீதத் தையல் மெஷின்களோடு நின்றுவிடுவதில்லை. எல்லா மெஷின்களும் எல்லாக் கடன்களும் அதன் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. அதனால் முழுவதையும் சேர்த்துவிட்டு, அதில் 15 கோடி பிறருடையது என்று மூலதனப் பகுதியிலேயே தனி வரியாகக் காட்ட வேண்டும். (இந்தப் பங்கைச் சந்தை மதிப்பில் எடுத்துக்கொள்ளவும் விதி இடம் தருகிறது; அப்போது குட்வில் மாறும்.) இதைக் கடன்களோடு சேர்க்கக்கூடாது. அவர்களுக்குத் திருப்பித் தர வேண்டிய தேதி எதுவும் இல்லை. அவர்களும் முதலாளிகள்தான், தாய் நிறுவனத்துக்கு அல்ல, துணை நிறுவனத்துக்கு.

ஓராண்டு ஓடுகிறது. மார்ச் 31 அன்று நூற்பாலையின் விற்பனை 200 கோடி, லாபம் 30 கோடி. பின்னலாடை நிறுவனத்தின் விற்பனை 150 கோடி, லாபம் 10 கோடி, டிவிடெண்ட் கொடுக்கவில்லை. நூற்பாலையின் 200 கோடியில் 40 கோடி பின்னலாடை நிறுவனத்துக்கே விற்றது. குழுமத்தின் விற்பனை 310 கோடிதான்.

அடுத்து ஒருவருக்கொருவர் தர வேண்டிய பாக்கி. நூற்பாலையின் லெட்ஜரில் பின்னலாடை நிறுவனம் 6 கோடி தர வேண்டும் என்று இருக்கிறது. அங்கே போய்ப் பார்த்தால் 5 கோடி என்று இருக்கிறது. இந்த வேலையில் அதிக நேரத்தைத் தின்பது இந்த இடம்தான். தேடிப் பார்த்தால், மார்ச் 31 இரவு ஒரு கோடி ரூபாய் நூலோடு ஒரு லாரி கிளம்பியிருக்கிறது. நூற்பாலை விற்பனை எழுதிவிட்டது. வாங்கியவர் இன்னும் சரக்கைப் பார்க்கவே இல்லை. லாரியில் இருக்கும் நூலும் குழுமத்தின் சரக்குதான். பின்னலாடை நிறுவனத்தின் சரக்கிலும் பாக்கியிலும் ஒரு கோடி ஏற்றினால் இரு பக்கமும் 6 ஆகிறது. பிறகு இரண்டையும் அடித்துவிடலாம். தன்னிடமே கடன் வாங்க யாராலும் முடியாது.

ஆனால் லாரி இல்லாமல், தரம் சரியில்லை என்று பின்னலாடை நிறுவனம் போட்ட டெபிட் நோட்டை நூற்பாலை ஏற்காததால் வந்த வித்தியாசமாக இருந்தால்? அடிப்பதற்கு முன் யார் சொல்வது சரி என்று முடிவு செய்தாக வேண்டும். அந்தச் சங்கடத்தைத் தவிர்க்க வித்தியாசத்தை ‘இதர’ என்ற தலைப்பில் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. ஒரே தொகை வருடா வருடம் அசையாமல் அங்கே உட்கார்ந்திருந்தால் ஆடிட்டர் சந்தேகப்பட வேண்டும்.

இனி எனக்குப் பிடித்த பகுதி. நூற்பாலை விற்கும் ஒவ்வொரு 100 ரூபாய் நூலிலும் 20 ரூபாய் லாபம். குழுமத்துக்குள் விற்ற 40 கோடி நூலில் 10 கோடி மதிப்புள்ளது வெளியாருக்கு விற்காமல் இன்னும் உள்ளேயே இருக்கிறது, லாரியில் இருப்பதையும் சேர்த்து. கோனாக இருக்கலாம், துணியாக இருக்கலாம், பெட்டியில் அடுக்கிய பனியனாகவும் இருக்கலாம். அதற்குள் நூற்பாலை ஏற்கெனவே எழுதிக்கொண்ட 2 கோடி லாபம் இருக்கிறது. வெளியாள் யாரும் ஒரு பைசா கொடுக்காத லாபம். குழுமத்துக்கு அந்த நூல் அடக்கவிலையில் 8 கோடிதான். சரக்கு மதிப்பிலிருந்தும் லாபத்திலிருந்தும் 2 கோடியை எடுத்துவிட வேண்டும். ஆக, குழும லாபம் 30, 10 இரண்டையும் கூட்டிய 40 அல்ல, 38 கோடி.

இந்த 2 கோடியின் சுமை யாருக்கு? விற்றது தாய் நிறுவனம். லாபத்தை எழுதிக்கொண்டதும் அதுவே. ஆகவே முழுவதும் அதன் பங்குதாரர்கள் தலையில். வெளிப் பங்குதாரர்களுக்குப் பின்னலாடை நிறுவன லாபத்தில் 20 சதவீதமான 2 கோடி அப்படியே சேரும். மீதி 36 கோடி தாய் நிறுவனப் பங்குதாரர்களுக்கு. விற்பனை எதிர்த்திசையில் நடந்திருந்தால் கதை வேறு: துணை நிறுவனத்தின் லாபம் 8 ஆகக் குறைந்து, வெளியாரின் பங்கு 1.6 கோடியாகும். சரக்கு எந்தத் திசையில் போனது என்று கேட்காமல் பங்கைப் பிரிப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

இப்போது தராசு நிற்கிறதா பார்ப்போம். நூற்பாலையின் சொத்துகளில் பங்கு முதலீட்டையும் உள்பாக்கியையும் நீக்கினால் 202 கோடி. பின்னலாடை நிறுவனத்தின் சொத்து, லாரிச் சரக்கோடு, 121. இரண்டும் சேர்த்து 323. ஒளிந்த லாபம் 2 போனால் 321. குட்வில் 12 சேர்த்தால் 333. எதிர்ப்பக்கத்தில் வெளியாருக்குத் தர வேண்டியது 60-ம் 30-ம், ஆக 90. நூற்பாலையின் மூலதனமும் சேமநிதியும் 220; அதோடு பின்னலாடை லாபத்தில் அதன் பங்கு 8, கழிக்க 2, ஆக 226. வெளிப் பங்குதாரர்களுக்கு 15-ம் 2-ம் சேர்த்து 17. மொத்தம் 333.

இதில் புதியவர்களைத் திகைக்க வைப்பது ஒன்று உண்டு. நாம் அடித்த எதுவும் எந்தக் கம்பெனியின் புத்தகத்திலும் ஏறாது. நூற்பாலையின் லெட்ஜரில் 6 கோடி பாக்கி அப்படியே இருக்கும். அடித்தல் எல்லாம் ஒருங்கிணைப்புத் தாளில் மட்டுமே நடக்கிறது. அடுத்த ஆண்டு இரண்டு கம்பெனிகளின் புத்தகங்களையும் எடுத்துக் கூட்டினால் அந்த 2 கோடி தொடக்கச் சேமநிதியில் மறுபடி வந்து நிற்கும். அதை மறுபடி கழிக்க வேண்டும். அந்தப் பனியன்கள் அந்த ஆண்டில் வெளியே விற்றிருந்தால், அப்போதுதான் அதை லாபமாகச் சேர்க்க வேண்டும். மறந்தார்களா என்று கண்டுபிடிப்பது சுலபம்: இந்த ஆண்டின் தொடக்கச் சேமநிதி போன ஆண்டின் முடிவுச் சேமநிதியோடு ஒத்துப்போக வேண்டிய கணக்கில் அது 2 கோடி கூடுதலாக நிற்கும்.

ஆண்டறிக்கையைப் புரட்டும் பங்குதாரர் 38 கோடியோடு நின்றுவிடாமல் அதற்குக் கீழே உள்ள பிரிப்பையும் பார்க்க வேண்டும். ஒரு பங்குக்கான வருவாய் 36 கோடியை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. டிவிடெண்டோ இந்த இரண்டிலிருந்தும் வருவதில்லை. நூற்பாலையின் தனிக் கணக்கில் உள்ள லாபத்திலிருந்தே கொடுக்க முடியும்.