பாட்டில் சட்டையாகும் கதையில் விட்டுப்போன பக்கங்கள்

கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டில் குப்பைக்குப் போய், ஆலைக்குப் போய், கடைசியில் ஒரு சிறுவனின் சட்டையாகத் திரும்பும். குழந்தைகளுக்கு அடிக்கடி சொல்லப்படும் கதை இது. ஆலைக்குள் நடப்பதை மட்டும் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். குழந்தைகள் வாய்பிளந்து கேட்கக்கூடிய இடமே அதுதான்.

பழைய இரும்புக்கடையில் பாட்டில்களைத் தரம் பிரித்து, அமுக்கிக் கட்டு கட்டுவார்கள். நிறமில்லாத பாட்டிலுக்குத்தான் நல்ல விலை, அதற்கு எந்தச் சாயமும் ஏற்றலாம் என்பதால். பச்சை பாட்டிலின் பச்சை உருக்கினாலும் போகாது.

ஆலையில் பாட்டிலைச் சில்லு சில்லாக நறுக்கித் தண்ணீர்த் தொட்டியில் கொட்டுகிறார்கள். பாட்டில் 'பெட்' என்ற பிளாஸ்டிக். தண்ணீரைவிட அடர்த்தி கூடியது, மூழ்கிவிடும். மூடி வேறு வகை, மிதக்கும். மேலே மிதப்பதை வழித்தெடுத்தால் வேலை முடிந்தது. வீட்டில் ஒரு கிண்ணத் தண்ணீரில் இரண்டிலும் ஒரு துண்டைப் போட்டு, ஒட்டிய காற்றுக்குமிழைத் தட்டிவிட்டால் எந்தக் குழந்தையும் இதைக் கண்ணால் பார்க்கலாம். பிறகு காஸ்டிக் சோடா கலந்த வெந்நீரில் கழுவும்போது லேபிளின் பசை கரைந்து போகும்.

கதைக்கு வில்லன் வேண்டுமென்றால் பி.வி.சி. இருக்கிறது. அதுவும் மூழ்கும் என்பதால் தொட்டி அதைக் காட்டிக்கொடுக்காது. பெட் உருகும் சூட்டில் பி.வி.சி. சிதைந்து அமிலம் கக்கும். இழை மஞ்சளித்து அறுந்துபோகும். அதனால்தான் முதலிலேயே தரம் பிரிப்பவரின் கண்ணும் கையும் இவ்வளவு முக்கியம். ஈரமும் எதிரிதான். சரியாகக் காயாத சில்லை உருக்கினால் பிளாஸ்டிக்கின் நீண்ட சங்கிலிகள் துண்டாகிவிடும்.

காய்ந்த சில்லுகளைச் சுமார் 270 டிகிரி செல்சியஸில் உருக்கி, நுண்துளைகள் வழியாக இடியாப்பம் பிழிவது போலப் பிழிகிறார்கள். இழுத்து நீட்டினால்தான் இழைக்கு வலு வரும். நெளிவு கொடுத்து, பஞ்சளவுக்கு வெட்டி நூற்பாலைக்கு அனுப்புகிறார்கள்.

தமிழ்நாட்டில் கரூரில் இந்த வேலை நடக்கிறது. 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்கு அணிந்து வந்த நீலநிற மேலங்கி இத்தகைய துணியில் தைத்ததுதான். இந்தியன் ஆயில் நிறுவனம் தன் ஊழியர்களுக்கு அறிவித்த சீருடையில் ஒரு செட்டுக்குச் சுமார் 28 பாட்டில்கள் தேவை.

ஆகவே ஒரு பாட்டில் ஒரு சட்டையாவதில்லை. உருகும்போதே அது ஆயிரக்கணக்கான பாட்டில்களோடு கலந்துவிடுகிறது. அதன் துளி பல சட்டைகளில் இருக்கும். இதை மறைக்காமல் சொன்னால் கதை இன்னும் விரியும். சட்டை கிழிந்த பிறகு என்ன ஆகும் என்றும் குழந்தைகள் கேட்பார்கள். பருத்தி கலந்த சட்டை என்றால் இரண்டு இழைகளையும் பிரிப்பது கடினம். இன்றைக்கு அப்படிப்பட்ட சட்டைகளில் மிகச் சிலவே மறுபடி நூலாகின்றன.