விட்டுப்போன பாக்கி திரும்பி வந்தால்

ஈரோட்டில் துண்டு, லுங்கி மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடையை வைத்துக்கொள்வோம். 2022 ஆகஸ்ட் 10 அன்று வெளியூர்ச் சில்லறைக் கடை ஒன்றுக்கு 80,000 ரூபாய்க்குச் சரக்கு போனது. 5 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து பில் 84,000. தவணை 60 நாள். பணம் வரவில்லை. போனை எடுப்பதையும் அவர்கள் நிறுத்திவிட்டார்கள். 2024 மார்ச் 31 அன்று, இனி இது வராது என்று முடிவுசெய்து மொத்த வியாபாரி அதை நட்டத்தில் எழுதினார். அடுத்த ஆண்டு ஜூன் மாதம் வங்கிக் கணக்கில் 50,000 ரூபாய் வந்து விழுகிறது. அனுப்பியவர் அதே கடைக்காரர். இந்தப் பணத்தை ஏட்டில் எங்கே வைப்பது?

விடை தெரிய, நட்டம் எழுதிய நாளில் என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். அன்று போட்ட பதிவு இது: வாராக்கடன் கணக்கு பற்று 84,000, கடைக்காரர் கணக்கு வரவு 84,000. அத்தோடு கடைக்காரரின் பேரேட்டுக் கணக்கு பூச்சியமாகிவிட்டது. 84,000 ரூபாய் அந்த ஆண்டின் இலாப நட்டக் கணக்குக்குப் போய் லாபத்தைக் குறைத்தது. ஆனால் கடன் சாகவில்லை. ஏட்டில் போக்கெழுதுவது வியாபாரி தன் கணக்கை உண்மைக்கு நெருக்கமாக வைத்துக்கொள்ளச் செய்யும் காரியம். கடைக்காரருக்குக் கொடுக்கும் மன்னிப்பு அல்ல. கேட்கும் உரிமையும் வழக்குப் போடும் உரிமையும் அப்படியே இருக்கின்றன.

இப்போது ஜூன் மாதத்துக்கு வருவோம். கணக்கு எழுதுபவரின் கை பழக்கத்தில் செய்வது என்ன? பணம் அனுப்பியவர் பெயரைப் பார்த்ததும் டாலியில் Receipt வவுச்சரைத் திறந்து, அவர் லெட்ஜரையே தேர்ந்தெடுத்து 50,000 வரவு வைத்துவிடுவார். நான் பார்த்தவரை இந்த விஷயத்தில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் பிறக்கின்றன. பூச்சியத்தில் இருந்த கணக்கில் 50,000 வரவு விழுந்தால், அவர் நமக்கு முன்பணம் கொடுத்து வைத்திருக்கிறார், நாம் அவருக்குச் சரக்கு தர வேண்டும் என்று ஏடு சொல்லும். நிஜத்தில் நாம் ஒரு ரூபாய்கூட அவருக்குத் தர வேண்டியதில்லை. வருமானமும் 50,000 குறைவாகத் தெரியும். பற்றும் வரவும் சமமாக இருப்பதால் இருப்பாய்வு இந்தத் தவறைக் காட்டிக்கொடுக்காது. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஆண்டு முடிவில் Sundry Debtors பட்டியலை எடுத்து, யார் பெயருக்கு எதிரே வரவு இருப்பு நிற்கிறது என்று பார்க்க வேண்டும். உண்மையாகவே முன்பணம் கொடுத்தவர்களை நீக்கிவிட்டால், மிஞ்சுபவர்களில் இப்படிப்பட்டவர் இருப்பார்.

சரியான பதிவு எளிமையானது. வங்கிக் கணக்கு பற்று 50,000, வாராக்கடன் மீட்புக் கணக்கு வரவு 50,000. இந்த மீட்புக் கணக்கு டாலியில் Indirect Incomes தொகுதிக்குள் இருக்க வேண்டும். அன்று நட்டமாகப் போனது இன்று வருமானமாக வருகிறது. 2024 மார்ச்சில் முடிந்த ஆண்டின் கணக்கைத் திறந்து நட்டத்தை 34,000 ஆகக் குறைக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். கூடாது. அன்று தெரிந்ததை வைத்து அன்று எழுதியது சரிதான். பணம் வந்தது இந்த ஆண்டில்.

இதில் ஒரு குறை இருக்கிறது. கடைக்காரர் பணம் கட்டிய விவரம் அவருடைய கணக்கில் எங்கும் தெரியாது. அவருக்கு மறுபடி கடனுக்குச் சரக்கு தரலாமா என்று யோசிக்கும் நாளில் அந்த விவரம் தேவைப்படும். அதனால் இதையே இரண்டு படியாகப் போடுவது நல்லது என்பது என் கருத்து. முதலில் Journal வவுச்சரில் கடைக்காரர் கணக்கு பற்று 50,000, வாராக்கடன் மீட்புக் கணக்கு வரவு 50,000. அடுத்து Receipt வவுச்சரில் வங்கி பற்று 50,000, கடைக்காரர் வரவு 50,000. அவர் கணக்கு மீண்டும் பூச்சியத்துக்கு வந்துவிடும், நடந்ததும் பதிவாகிவிடும். உயிர்ப்பிக்க வேண்டியது வந்த 50,000 மட்டுமே. முழு 84,000 ரூபாயையும் உயிர்ப்பித்தால், கைக்கு வராத 34,000 ரூபாயும் இந்த ஆண்டு வருமானத்தில் ஏறிவிடும்.

வரிக்கு வருவோம். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 41(4) பிரிவு இதைத்தான் பேசுகிறது. வாராக்கடனாக எழுதிய 84,000 முழுவதும் அன்று கழிவாக ஏற்கப்பட்டிருந்தால், இப்போது வந்த 50,000 முழுவதும் வந்த ஆண்டின் வருமானம். அன்று அதிகாரி 60,000 மட்டும் ஏற்று 24,000 ரூபாயைத் தள்ளியிருந்தால், அந்தத் தள்ளிய தொகையை முதலில் கழித்துக்கொண்டு மீதி 26,000 ரூபாய்க்கு மட்டும் வரி. அதனால் பழைய வரி உத்தரவைத் தேடி எடுக்காமல் இந்தக் கணக்கைப் போட முடியாது. இதற்குள் கடையே மூடப்பட்டிருந்தாலும் இந்த வரி உண்டு.

ஜிஎஸ்டி வேறு விதம். பில் போட்டபோதே வியாபாரி 4,000 ரூபாய் வரியைக் கட்டிவிட்டார். பணம் வரவில்லை என்பதற்காக அரசு அதைத் திருப்பித் தரவில்லை, அது நட்டத்தில் சேர்ந்தே போனது. ஆகவே இப்போது வந்த 50,000 ரூபாயிலிருந்து மறுபடி வரியைப் பிரிக்க வேண்டியதில்லை. இது புது விற்பனை அல்ல. கடைக்காரர் பக்கம் ஒரு லாபம் உண்டு. 180 நாளுக்குள் பணம் கொடுக்காதவர், அந்தப் பில்லில் எடுத்த உள்ளீட்டு வரி வரவை வட்டியோடு திருப்பிக் கட்டியிருக்க வேண்டும். இப்போது கொடுத்த தொகையின் அளவுக்கு அந்த வரவை அவர் மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். பழைய பாக்கியைக் கேட்கும்போது இதைச் சொன்னால் எதிராளி காதுகொடுத்துக் கேட்பார்.

முதலாளிகள் அதிகம் கவனிக்காத ஆபத்து ஒன்றைச் சொல்ல வேண்டும். போக்கெழுதிய கடன் ஏட்டில் இல்லாத கடன். அதை யாரும் எதிர்பார்ப்பதில்லை, பாக்கிப் பட்டியலில் அது வருவதில்லை. வசூலுக்குப் போகும் ஆள் அந்தப் பணத்தை ரொக்கமாக வாங்கித் தன்னிடமே வைத்துக்கொண்டால் எந்தக் கணக்கிலும் பள்ளம் விழாது. இதைத் தடுக்க, போக்கெழுதிய கடன்களுக்குத் தனிப் பதிவேடு வேண்டும். பார்ட்டி பெயர், பில் எண், தேதி, எழுதிய தொகை, வரி உத்தரவில் ஏற்கப்பட்ட தொகை ஆகியவை அதில் இருக்க வேண்டும். அதை வைத்திருப்பவர் வசூலுக்குப் போகிறவராக இருக்கக் கூடாது. முதலாளியே ஆண்டுக்கு ஒருமுறை அதிலுள்ள பெயர்களைக் கூப்பிட்டு, ஏதாவது கொடுத்தீர்களா என்று நேரில் கேட்க வேண்டும்.

மீதி 34,000 ரூபாய் இந்தப் பதிவேட்டில் தொடர்ந்து நிற்கும். காலக்கெடுச் சட்டப்படி, 60 நாள் தவணை முடிந்த 2022 அக்டோபரிலிருந்து மூன்று ஆண்டுக்குள், அதாவது 2025 அக்டோபருக்குள் வழக்குப் போட்டிருக்க வேண்டும். ஆனால் கெடு முடியும் முன்பே ஜூன் மாதத்தில் ஒரு பகுதி வந்துவிட்டது. அந்தப் பணம் எந்தப் பில்லுக்கு என்று கடைக்காரர் எழுதிக் கையெழுத்திட்ட தாள் கையில் இருந்தால், அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு கிடைக்கும். கெடு 2028 ஜூன் வரை நீளும். பணம் வங்கியில் விழுந்த அன்றே ரசீதோடு ஒரு கடிதம் அனுப்பி, அவர் கையெழுத்தோடு நகலைத் திருப்பி வாங்கிப் பதிவேட்டில் ஒட்டிவைக்க வேண்டும்.