டாலர் சரிந்தாலும் லாபம் சரியாது... எப்படி?

திருப்பூரில் ஒரு சின்ன பனியன் ஏற்றுமதி நிறுவனம். அமெரிக்க வாடிக்கையாளருக்கு 50,000 டாலர் மதிப்புள்ள சரக்கை அனுப்பிவிட்டது. பணம் வர மூன்று மாதம் ஆகும். நூல், சாயம், கூலி என எல்லாவற்றுக்கும் சேர்த்துச் செலவு 41 லட்சம் ரூபாய்.

இது ஓர் உதாரணக் கணக்குதான். மூன்று மாதம் கழித்து டாலர் 85.50 ரூபாயாக இருந்தால், கைக்கு வருவது 42,75,000 ரூபாய். லாபம் 1,75,000. ஆனால், டாலர் 82 ரூபாய்க்கு இறங்கிவிட்டால் வருவது 41 லட்சம் மட்டுமே. துணியில் ஒரு குறையும் இல்லை, வாடிக்கையாளரும் ஒழுங்காகப் பணம் கொடுத்துவிட்டார். ஆனாலும், லாபம் பூஜ்யம்!

இந்த ஆபத்தைக் குறைப்பதற்குப் பெயர்தான் 'ஹெட்ஜிங்'. அதற்கான இரண்டு கருவிகள், ஃபியூச்சர்ஸ் மற்றும் ஆப்ஷன்ஸ்.

ஃபியூச்சர்ஸ்: விலையை இன்றே பேசி முடிப்பது

பின்னொரு நாளில் நடக்கப்போகும் வியாபாரத்துக்கு இன்றே விலை பேசிக்கொள்வதுதான் ஃபியூச்சர்ஸ். தேசியப் பங்குச் சந்தையில் 2008-லிருந்து டாலர் ஃபியூச்சர்ஸ் வர்த்தகம் நடக்கிறது. ஒரு கான்ட்ராக்ட் என்பது 1,000 டாலர். நம் ஏற்றுமதியாளர், பணம் வரும் மாதத்துக்கான 50 கான்ட்ராக்டுகளை 85.50 ரூபாய்க்கு விற்கிறார். இதில் யாரும் டாலரைக் கைமாற்றுவதில்லை. விலை வித்தியாசம் மட்டும் ரூபாயில் தீர்க்கப்படும்.

கான்ட்ராக்ட் முடியும் நாளில் ஃபியூச்சர்ஸ் விலையும் அன்றைய டாலர் விலையும் ஒன்றாகிவிடும். டாலர் 82-க்கு இறங்கினால், வங்கியில் 41 லட்சம்தான் கிடைக்கும். ஆனால், ஃபியூச்சர்ஸில் டாலருக்கு 3.50 ரூபாய் வீதம் 1,75,000 ரூபாய் லாபம். மொத்தம் 42,75,000. டாலர் 88-க்கு ஏறினால், வங்கியில் 44 லட்சம் கிடைக்கும். ஃபியூச்சர்ஸில் 1,25,000 நஷ்டம். அப்போதும் மொத்தம் அதே 42,75,000 ரூபாய்தான்!

ஆக, ஃபியூச்சர்ஸ் நஷ்டத்தைத் தடுக்கிறது. அதே கையோடு கூடுதல் லாபத்தையும் தடுக்கிறது. 'டாலர் 88-க்குப் போயிருச்சே, சும்மா இருந்திருக்கலாமே' என்று பிறகு வருந்துவதில் பொருள் இல்லை. அவர் விற்பது பனியன், டாலர் அல்ல.

ஆப்ஷன்ஸ்: கட்டணம் கட்டி வாங்கும் உரிமை

ஏற்றத்தின் பலனும் வேண்டும் என்றால், 'புட் ஆப்ஷன்' வாங்கலாம். குறிப்பிட்ட விலையில் விற்கும் உரிமை இது; கட்டாயம் இல்லை. இதற்கு 'பிரீமியம்' கட்ட வேண்டும். 85.50-க்கு விற்கும் உரிமைக்கு டாலருக்கு 1 ரூபாய் பிரீமியம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 50,000 ரூபாய்.

டாலர் 82 ஆனால், உரிமையைப் பயன்படுத்துவார். பிரீமியம் போக 42,25,000 மிஞ்சும். டாலர் 88 ஆனால், உரிமையைக் கைவிட்டு, 44 லட்சத்தில் பிரீமியம் போக 43,50,000 பெறுவார். வண்டி இன்ஷூரன்ஸ் போலத்தான். விபத்து நடக்காவிட்டால் பிரீமியம் திரும்பி வராது.

எங்கே சிக்கல் வரும்?

ஃபியூச்சர்ஸில் லாப நஷ்டம் தினமும் கணக்கு தீர்க்கப்படும். டாலர் ஏறிக்கொண்டே போனால், வித்தியாசத்தை அன்றாடம் ரொக்கமாகக் கட்ட வேண்டும். ஈடாக வரவேண்டிய டாலரோ மூன்று மாதம் கழித்துத்தான் வரும். இடையில் கட்டப் பணம் இல்லையென்றால், புரோக்கரே கான்ட்ராக்டை முடித்துவிடுவார். பாதுகாப்பும் அத்தோடு போய்விடும். மார்ஜின் தொகைக்கு மேல் கொஞ்சம் பணம் ஒதுக்கி வைப்பது இதற்காகத்தான்.

இரண்டாவது சிக்கல், வாடிக்கையாளர் பணம் தராமல் போவது. அப்போது டாலர் 88-ல் நின்றால், 1,25,000 ரூபாய் நஷ்டத்தை ஈடுகட்ட எதுவும் இருக்காது. அதனால், நிச்சயமாக வரும் என்று நம்பும் தொகைக்கு மட்டும் ஹெட்ஜ் செய்வது நல்லது. இப்படிச் சந்தேகம் உள்ள ஆர்டருக்கு ஆப்ஷன் பொருத்தமானது. அதில் அதிகபட்ச இழப்பு பிரீமியம்தான்.

தினசரித் தீர்வு சிரமம் என்பவர்கள் வங்கியிடமே 'ஃபார்வர்டு' ஒப்பந்தம் போடலாம். பாதியில் ரத்து செய்தால் அதற்கும் செலவு உண்டு.

ஹெட்ஜிங்கா, சூதாட்டமா?

பஞ்சு வாங்கப்போகும் மில்லுக்குக் கணக்கு தலைகீழ். விலை ஏறுவதுதான் அதற்கு ஆபத்து. எனவே, அது ஃபியூச்சர்ஸை வாங்க வேண்டும். பிறகு விற்கப்போகிறவர் இன்றே விற்கிறார், பிறகு வாங்கப்போகிறவர் இன்றே வாங்குகிறார். இவ்வளவுதான் சூத்திரம்.

வரவேண்டிய டாலரே இல்லாதவர் 50 கான்ட்ராக்ட் விற்றால், அது ஹெட்ஜிங் அல்ல. டாலர் ஏறும்போது அவருக்கு வங்கிப் பக்கம் எந்த வரவும் இருக்காது. ரூபாய் தொடர்பான கரன்சி ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகத்துக்கு உண்மையான அந்நியச் செலாவணி வரவோ செலவோ இருக்க வேண்டும் என்பதை 2024-ல் ரிசர்வ் வங்கி மீண்டும் தெளிவுபடுத்தியது. நீங்கள் கான்ட்ராக்ட் போடும் முன் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் அதுதான்: 'இதில் நஷ்டம் வந்தால், எனக்கு வேறு எங்கே லாபம் வரும்?'