"அலாரம் அடிக்கல, வேஸ்ட்"

ஒரு செயலி பிளே ஸ்டோரில் ஏறிப் பத்து நாள் ஆகிறது. வயதானவர்களுக்கு மாத்திரை நேரத்தை நினைவூட்டும் சின்னச் செயலி அது. செய்தவர்கள் இரண்டு பேர். முதல் வாரம் 4.5 இருந்த ஸ்டார், இப்போது 3.8. காலையில் திறந்தால் புதிதாக ஒரு ரிவ்யூ: "அலாரம் அடிக்கல, வேஸ்ட்." ஒற்றை ஸ்டார்.

செயலியும் அதன் எண்களும் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. ஆனால் இதில் வரும் கோளாறும், அதைக் கண்டுபிடிக்கும் வழியும் உண்மையானவை.

முதலில் அந்த 3.8-ஐப் பார்ப்போம். கூகுள் பிளேயில் தெரியும் எண், செயலி பிறந்த நாளிலிருந்து வந்த எல்லா ஸ்டார்களின் சராசரி அல்ல. 2019 ஆகஸ்ட் முதல் அண்மையில் வந்த ஸ்டார்களுக்குக் கூடுதல் எடை கொடுத்துக் கணக்கிடுகிறார்கள். 2021 நவம்பரிலிருந்து, பார்ப்பவர் எந்த நாட்டில் இருக்கிறாரோ அந்த நாட்டுக்காரர்களின் மதிப்பீடுதான் அவருக்குக் காட்டப்படுகிறது. அதனால் சென்னையில் 3.8 என்று தெரிகிற செயலி, சிங்கப்பூரில் இருக்கும் உறவினருக்கு 4.4 என்று தெரியலாம். கெட்ட வாரம் எண்ணைச் சட்டென்று இறக்கும். கோளாறு சரியானால் அதே வேகத்தில் ஏறவும் வழி இருக்கிறது. ஆனால் எது கோளாறு என்பதை அந்த எண் சொல்லாது.

சொல்வது ரிவ்யூதான். அதிலும் எழுத்தைவிட அதைச் சுற்றி இருக்கும் சின்ன விவரங்கள். செயலியைச் செய்தவர்கள் பிளே கன்சோலில் ஒரு ரிவ்யூவைத் திறந்தால், எந்த மாடல் போன், எந்த ஆண்ட்ராய்டு, செயலியின் எந்தப் பதிப்பு என்ற குறிப்புகளும் பெரும்பாலும் கூடவே இருக்கும். இருவரும் ஒரு தாளில் கட்டம் போட்டு, வந்திருந்த 24 ரிவ்யூக்களையும் எழுதினார்கள். தேதி, ஸ்டார், போன், ஆண்ட்ராய்டு, பதிப்பு, அவர் சொன்ன சொல், உண்மையில் நடந்தது என்ன. கடைசிக் கட்டத்தை மட்டும் பென்சிலில் நிரப்பினார்கள், ஏனென்றால் அது ஊகம்.

'அலாரம்' என்று தேடினால் நாலுதான் கிடைத்தது. ஒவ்வொன்றாகப் படித்தபோது ஒன்பது. ஒருவர் "சத்தமே வரல" என்கிறார். இன்னொருவர் "எட்டு மணி மாத்திரைக்கு எட்டே முக்காலுக்குச் சொல்லுது" என்கிறார். சிலர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியிருக்கிறார்கள். "அப்பா மாத்திரையை விட்டுட்டார்" என்று எழுதியவர் அலாரம் என்ற பேச்சையே எடுக்கவில்லை; மூன்று ஸ்டாரும் கொடுத்திருக்கிறார். ஒற்றை ஸ்டார்களை மட்டும் படித்திருந்தால் அவரைத் தவறவிட்டிருப்பார்கள்.

ஒன்பதையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்ததும் ஒரு கோடு தெரிந்தது. ஏழு பேரின் போன் ஆண்ட்ராய்டு 14. மற்ற இருவருடையது ஆண்ட்ராய்டு 11. இரண்டும் ஒரே நிறுவனத்தின் போன்.

சிக்கல் என்னவென்றால், செயலியை எழுதியவரின் போனும் ஆண்ட்ராய்டு 14-தான். அதில் மணி டாண் என்று அடிக்கிறது. "எங்ககிட்ட நல்லாத்தானே வேலை செய்யுது" என்று பல குழுக்கள் தேடலை நிறுத்துவது இந்த இடத்தில்தான். இவர் தன் போனிலிருந்து செயலியை நீக்கிவிட்டு, புதிதாக ஆள் சேர்வதுபோல ஸ்டோரிலிருந்து மறுபடி இறக்கினார். மணி அடிக்கவில்லை.

காரணம் `SCHEDULE_EXACT_ALARM` என்ற அனுமதி. குறித்த நிமிடத்தில் மணி அடிக்க இது வேண்டும். அண்மைக்கால ஆண்ட்ராய்டுக்காகத் தயாரான செயலிகளை ஆண்ட்ராய்டு 14 போனில் புதிதாக இறக்கினால், பெரும்பாலானவற்றுக்கு இந்த அனுமதி தானாகக் கிடைக்காது. ஆனால் 13-இல் செயலி ஏற்கெனவே இருந்து, பிறகு போன் 14-க்கு மாறியிருந்தால் பழைய அனுமதி அப்படியே தொடரும். எழுதியவர் போன் இரண்டாவது வகை, ரிவ்யூ எழுதியவர்களுடையது முதல் வகை. அனுமதி இல்லாதபோது செயலி 'ஏறக்குறைய இந்த நேரம்' என்ற தளர்ந்த அலாரத்துக்கு மாறும்படி எழுதப்பட்டிருந்தது. பூட்டி வைத்த போன் பேட்டரியை மிச்சப்படுத்த அதைத் தள்ளிப்போட்டது. எட்டு மணி எட்டே முக்கால் ஆனது அப்படித்தான்.

மற்ற இருவரின் கதை வேறு. அந்தப் போன்கள் பின்னணியில் இருக்கும் செயலிகளைத் தாமாகவே நிறுத்திவிடும். புகார் ஒன்றே, காரணம் இரண்டு. அங்கே செயலிக்குள் செய்ய அதிகம் இல்லை. பேட்டரிக் கட்டுப்பாட்டை எப்படித் தளர்த்துவது என்று படத்தோடு விளக்கத்தான் முடியும்.

இனி, எதை முதலில் சரிசெய்வது? தாளில் அதிகம் பேர் கேட்டது கறுப்புத் திரை: 11 பேர். அலாரம் 9. எழுத்து சிறியது என்றவர்கள் 3. படம் சேர்த்தால் செயலி மூடிக்கொள்கிறது என்றவர் ஒருவர். தலையை எண்ணினால் கறுப்புத் திரைதான் முதலில். ஆனால் அது இல்லாததால் யாரும் மாத்திரையை விடவில்லை. நேரத்துக்கு நினைவூட்டுவேன் என்று சொல்லி வந்த செயலி அதையே செய்யவில்லை என்பதால் அலாரம் முதலிடம் பிடித்தது.

ஒரே ஒருவர் சொன்ன கோளாறையும் ஒற்றை ஆள் என்று ஒதுக்கக் கூடாது. செயலி மூடிக்கொண்டால் பலர் ரிவ்யூ எழுத உட்கார மாட்டார்கள், நீக்கிவிட்டுப் போவார்கள். அதற்குக் கன்சோலிலேயே 'ஆண்ட்ராய்டு வைட்டல்ஸ்' என்ற பகுதி உண்டு. ஒரு நாளில் பயன்படுத்துவோரில் 1.09 சதவீதத்துக்கு மேல் இப்படி மூடிக்கொள்வதைச் சந்தித்தால், ஸ்டோரில் செயலி கண்ணில் படுவதே குறையலாம். இவர்களுக்கு அந்த எண் மிகக் குறைவாக இருந்ததால் அது இரண்டாம் இடம். எழுத்து அளவு மூன்றாவது, ஏனென்றால் படிப்பவர்கள் முதியவர்கள். கறுப்புத் திரை அதற்கடுத்து.

பதிலை, திருத்தம் வரும்வரை தள்ளிப்போட வேண்டியதில்லை. பிளேயில் பதிலுக்கு 350 எழுத்துதான் இடம். தமிழில் புள்ளி, கொம்பு எல்லாம் கணினிக்குத் தனித்தனி எழுத்து என்பதால் இடம் இன்னும் குறுகும். ஒரு ரிவ்யூவுக்கு ஒரே பதில்தான். வேண்டுமானால் பிறகு திருத்தலாம். "உங்கள் கருத்துக்கு நன்றி, மின்னஞ்சலில் தொடர்புகொள்ளவும்" என்று எல்லோருக்கும் ஒட்டினால், யாரும் படிக்கவில்லை என்பது ஊருக்கே தெரியும். இவர்கள் எழுதியது:

"வணக்கம். மாத்திரை நேரத்தில் மணி அடிக்காதது எங்கள் தவறு, மன்னிக்கவும். ஆண்ட்ராய்டு 14 போனில் அலாரத்துக்குத் தனி அனுமதி வேண்டும். அதைக் கேட்காமல் விட்டுவிட்டோம். இப்போதைக்கு செட்டிங்ஸில் எங்கள் செயலியைத் திறந்து அலாரம் அனுமதியை ஆன் செய்யுங்கள். பதிப்பு 1.3 இதைத் தானே கேட்கும்."

தவறு யாருடையது, ஏன் நடந்தது, இன்று என்ன செய்யலாம், பிறகு என்ன வரும் என்ற நாலும் இதில் இருக்கின்றன. தேதி இல்லை, தவறினால் அது இன்னொரு புகாராகும். ஸ்டாரை மாற்றச் சொல்லிக் கெஞ்சவும் இல்லை. பரிசோ தள்ளுபடியோ கொடுத்து ஸ்டார் வாங்குவதைக் கூகுளின் விதிகள் தடுக்கின்றன.

பதிப்பு 1.3-ஐ முதலில் 20 சதவீதம் பேருக்கு மட்டும் விட்டார்கள். சரியாகிவிட்டதா என்று பார்க்க ஸ்டாரைப் பார்க்கவில்லை, தாளைப் பார்த்தார்கள். ஆண்ட்ராய்டு 14, பதிப்பு 1.3 என்ற இரண்டும் சேர்ந்த வரியில் புதிய அலாரப் புகார் வருகிறதா? இரண்டு வாரம் எதுவும் வரவில்லை. அதன் பிறகுதான் எல்லோருக்கும் திறந்தார்கள். பென்சிலில் எழுதிய ஏழு வரிகள் மேலும் பேனாவை ஓட்டினார்கள். ஆண்ட்ராய்டு 11-இன் இரண்டு வரிகள் இன்னும் பென்சிலிலேயே இருக்கின்றன.