நாலாயிரம் க்ளிக், ஆறு புடவை

கோவையில் ஒரு சின்னக் கைத்தறிப் புடவைக் கடை. மார்க்கெட்டிங் பயிற்சிக்குச் சேர்ந்த பெண்ணிடம் 20,000 ரூபாய் ஒதுக்கி, மெட்டாவில் விளம்பரம் போடச் சொல்கிறார் முதலாளி. ஒரு வாரத்தில் 4,000 க்ளிக். ஒரு க்ளிக்குக்கு 5 ரூபாய்தான். ஆனால் விற்றதோ ஆறு புடவை, 7,200 ரூபாய். கடையும் பெண்ணும் கணக்கும் கற்பனை. கோளாறுகள் மட்டும் நிஜம். விளம்பரம் போடும் பலரும் இவற்றில் மாட்டுகிறார்கள்.

முதல் தவறு முதல் திரையிலேயே நடந்துவிட்டது. விளம்பரத்தின் நோக்கம் என்ன என்று மெட்டா கேட்டபோது அவர் Traffic என்பதைத் தேர்ந்தெடுத்தார். கடைக்கு ஆள் வரவேண்டும் என்பதுதானே ஆசை! ஆனால் அந்த மென்பொருள் சொன்னதைச் சொன்னபடியே செய்யும். Traffic என்றால் குறைந்த செலவில் க்ளிக் செய்யக்கூடியவர்களைத் தேடும். வாங்கக்கூடியவர்களைத் தேட Sales என்று சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்து, விளம்பரம் எங்கெங்கே காட்டப்பட்டது என்று எண்களைப் பிரித்துப் பார்த்தார். 4,000-இல் 2,900 க்ளிக் Audience Network வழியாக வந்தவை. இது பிறருடைய செயலிகளில், குறிப்பாக மொபைல் விளையாட்டுகளில், விளம்பரம் காட்டும் ஏற்பாடு. ஆட்டத்தின் நடுவே விளம்பரத்தை மூடப்போய்த் தவறி விரல் பட்டாலும் அது க்ளிக்தான். அந்த 2,900 பேரில் கடையின் பக்கம் திறக்கும்வரை இருந்தவர்கள் 350 பேர். Link clicks, Landing page views என்ற இரண்டு எண்களையும் அருகருகே வைத்தால் இந்தப் பள்ளம் பளிச்சென்று தெரியும். இரண்டாவது எண் கிடைக்க, கடையின் தளத்தில் மெட்டாவின் Pixel நிரல் பொருத்தியிருக்க வேண்டும். இந்த வழியில் 9,000 ரூபாய் போனது. ஒரு புடவைகூட விற்கவில்லை.

அப்படியானால் மீதிப் பணமாவது சரியாகப் போனதா? இல்லை. இன்ஸ்டாகிராமில் 11,000 ரூபாய் செலவில் 800 பேர் பக்கத்தைப் பார்த்தார்கள். 44 பேர் புடவையைக் கூடையில் போட்டார்கள். வாங்கியவர்கள் ஆறு பேர்தான்.

கூடையில் போட்டவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் வாங்காமல் போவது உலகெங்கும் வழக்கம். இங்கே 86 சதவீதம். அந்தப் பெண் தன் போனிலேயே ஒரு புடவையை வாங்கிப் பார்த்தார். 1,200 ரூபாய் என்று காட்டிய விலையின்மேல், பணம் கட்டும் கடைசித் திரையில் கூரியருக்கு 150 ரூபாய் ஏறியது. அதுதான் காரணம் என்று 44 பேரை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால், சந்தேகிக்க வேண்டிய முதல் இடம் அதுதான்.

உங்கள் கடைக்கு யாராவது விளம்பரம் போட்டுத் தந்தால், க்ளிக் எத்தனை என்பதோடு நிறுத்தாதீர்கள். பக்கம் திறந்தவர் எத்தனை, கூடையில் போட்டவர் எத்தனை, ஓர் ஆர்டருக்கு ஆன செலவு எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.