கொட்டேஷனில் 12 யூனிட், மாடியில் ஏழரை: சோலார் நிறுவியவருக்கு ஒரு கடிதம்

சோலார் போட்டும் கரண்டு பில் குறையவில்லை என்றால், நிறுவியவருக்குக் கடிதம் எழுதும்போது பில்லையே ஆதாரமாக இணைக்கத் தோன்றும். அப்படிச் செய்தால் கடிதம் அங்கேயே வலுவிழந்துவிடும். பில்லில் இருப்பது மாடியில் உற்பத்தியான கணக்கு அல்ல. பகலில் பேனல் தரும் மின்சாரத்தை வீட்டு ஃப்ரிட்ஜும் மோட்டாரும் முதலில் எடுத்துக்கொள்கின்றன. மிச்சம்தான் ஈ.பி. கம்பிக்குப் போகிறது. வாசலில் இருக்கும் இருவழி மீட்டர், வெளியே போன அந்த மிச்சத்தையும் உள்ளே வந்த ஈ.பி. கரண்டையும் மட்டுமே எண்ணும். புது ஏ.சி. வாங்கிய வீட்டில் பேனல் குறைவில்லாமல் ஓடினாலும் பில் ஏறும். "நீங்கள் அதிகமாகச் செலவு செய்கிறீர்கள்" என்று ஒரே வரியில் அவர் பதில் சொல்லிவிடலாம்.

நமக்கு வேண்டிய எண் வேறு இடத்தில் இருக்கிறது. இன்வெர்ட்டருக்கும் வீட்டு இணைப்புக்கும் நடுவே தனி உற்பத்தி மீட்டர் வைத்திருந்தால் அதில் பாருங்கள். இல்லையென்றால் இன்வெர்ட்டரின் திரையிலோ அதன் செல்போன் செயலியிலோ மொத்த உற்பத்தி இருக்கும். கொட்டேஷனில் எழுதிக்கொடுத்த யூனிட்டை இந்த எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும்.

ஒரு வீட்டைக் கற்பனையாக வைத்துக்கொண்டு கணக்கைப் பார்ப்போம். வீடு திண்டிவனத்தில், நிறுவியவரின் அலுவலகம் விழுப்புரத்தில். 540 வாட் பேனல் ஆறு, 3 கிலோவாட் இன்வெர்ட்டர் ஒன்று. கொட்டேஷனின் இரண்டாம் பக்கத்தில் "சராசரி உற்பத்தி நாளொன்றுக்கு 12 யூனிட்" என்று ஒரு வரி இருக்கிறது. 2024 அக்டோபரில் இணைப்பு கிடைத்தது.

முதலில் அந்த 12 நியாயமான எண்தானா என்று பார்த்துவிட வேண்டும். ஆறு பேனலும் சேர்ந்து 3.24 கிலோவாட். நம் பக்கத்தில் ஆண்டுச் சராசரியாக நாளுக்கு 5 மணி நேர முழுவெயிலுக்குச் சமமான வெளிச்சம் விழுவதாகக் குறைத்தே வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் பெருக்கினால் 16.2. அதில் சூடு, தூசி, கம்பி, இன்வெர்ட்டர் என்று கால் பங்கு வழியில் போகிறது என்று கழித்தால் 12.15 மிஞ்சும். ஆக அவர் கொடுத்தது ஆசை காட்டும் எண் அல்ல, வரவேண்டிய எண்தான். "வெயிலில் பேனல் சூடாகிவிடும், அதனால் குறையும்" என்று பின்னால் சொன்னால், அந்தக் குறைவை ஏற்கெனவே கழித்துவிட்டுத்தான் 12 வந்தது என்று சொல்ல இந்தக் கணக்கு உதவும்.

அடுத்து, எந்த மாதத்தை வைத்து ஒப்பிடுவது? அக்டோபர் முதல் டிசம்பர் வரை நமக்கு வடகிழக்குப் பருவமழை. அதிலும் 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. அந்த வாரக் கணக்கைக் காட்டிக் குறை சொன்னால் மற்ற கணக்கின் மீதும் நம்பிக்கை போய்விடும். பிப்ரவரியும் மார்ச்சும் இங்கே தெளிந்த வானம் உள்ள மாதங்கள். நல்ல வெயில் உள்ள, நிறுவியவருக்குச் சாதகமான மாதங்களை எடுத்தும் குறைகிறது என்றால் அந்த வாதத்தை மறுப்பது கடினம். நம் வீட்டில் 2025 பிப்ரவரி 1 காலை மீட்டர் 612, ஏப்ரல் 1 காலை 1,054. வித்தியாசம் 442 யூனிட். 59 நாளுக்கு வகுத்தால் நாளுக்கு ஏழரை. சொன்னபடி வந்திருந்தால் 708 இருந்திருக்க வேண்டும். 266 யூனிட், அதாவது நூற்றுக்கு 37-க்கும் மேல் குறைவு.

கடிதம் எழுதுமுன் நம் பக்கத்துக் காரணத்தை நீக்கிவிட வேண்டும். நெடுஞ்சாலைப் புழுதியும் கல் உடைக்கும் இடங்களின் தூசியும் படியும் ஊர்களில் பேனலைக் கழுவாமல் விட்டால் உற்பத்தி நன்றாகவே குறையும். கழுவுவது பெரும்பாலும் வீட்டுக்காரர் வேலை. காலையில் பேனல் சூடேறுமுன் வெறும் தண்ணீரும் மென்துணியும் கொண்டு துடைத்துவிட்டு, அதற்கு முந்தைய தெளிவான நாளையும் பிந்தைய தெளிவான நாளையும் ஒப்பிடுங்கள். ஏழரை பதினொன்றானால் கடிதமே தேவையில்லை. ஏழரை எட்டில் நின்றால் தூசி காரணமில்லை.

பிறகு செயலியில் ஒரு தெளிந்த நாளின் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். காலையில் மெல்ல ஏறி, நண்பகலில் உச்சம் தொட்டு, மாலையில் மெல்ல இறங்கினால் சரி. அந்த வளைவு எங்கே கெடுகிறது என்பது காரணத்தைக் காட்டிவிடும். நாள் முழுக்க வளைவு ஒழுங்காக இருந்தும் உயரம் மட்டும் குறைவாக இருந்தால், ஏதோ ஒரு பேனல் இணைப்பில் வரவில்லை, அல்லது சொன்ன வாட்டுக்குக் குறைந்த பேனல் மாட்டப்பட்டிருக்கிறது. பேனலின் பின்பக்க ஸ்டிக்கரைப் படித்தால் வாட் தெரியும். நண்பகலில் திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்து சில நிமிடத்தில் மீண்டும் எழுந்தால், தெருக் கம்பியில் வோல்டேஜ் ஏறியதால் இன்வெர்ட்டர் தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது. அப்போது இன்வெர்ட்டர் முனையிலும் ஈ.பி. மீட்டர் அருகிலும் வோல்டேஜை அளக்கச் சொல்லுங்கள். இரண்டு இடத்திலும் அதிகமென்றால் மின்வாரியம் சரிசெய்ய வேண்டியது. இன்வெர்ட்டர் முனையில் மட்டும் அதிகமென்றால் நிறுவியவர் மெலிந்த கேபிள் போட்டிருக்கிறார்.

நம் திண்டிவனம் வீட்டில் வளைவு மதியம் 1.30 வரை ஒழுங்காக இருக்கிறது. அதற்குப் பிறகு செங்குத்தாக இறங்குகிறது. அந்த நேரத்தில் மாடி ஏறிப் பார்த்தால், மேற்கே இருக்கும் மாடிப்படி அறையின் நிழல் இரண்டு பேனல் மீது விழுந்துகொண்டிருக்கிறது. ஆறு பேனலும் ஒரே தொடராக இணைக்கப்பட்டிருப்பதால் இரண்டில் நிழல் விழுந்தாலும் மொத்தத் தொடரின் வரத்தும் தடுமாறுகிறது. அந்த அறை முன்பே இருந்தது, இடம் பார்க்க வந்தவர் எடுத்த படத்திலும் இருக்கிறது. ஆக இது அவர் வடிவமைத்ததில் வந்த குறை. பக்கத்து வீட்டுக்காரர் பிறகு மாடி எழுப்பியிருந்தால் இதையே நிறுவியவர் மேல் சுமத்த முடியாது. நிழல் விழும் நேரத்தில் தேதி, நேரம் தெரியும்படி ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனிக் கடிதம். பார்வை என்ற இடத்தில் கொட்டேஷனின் எண், தேதி, பக்கம், வரிசை எல்லாம் வர வேண்டும். கடிதத்தின் மற்ற வரிகள் அதன் மேல்தான் நிற்கின்றன.

பொருள்: மாடி சோலார் அமைப்பு, கொட்டேஷனில் கூறிய உற்பத்தியைத் தராதது, ஆய்வு செய்து சரிசெய்யக் கோருதல்.

பார்வை: 1. தங்கள் கொட்டேஷன் எண் ___, தேதி ___, பக்கம் 2, வரிசை ___. 2. நம்மிடையே கையெழுத்தான ஒப்பந்தம், தேதி ___.

ஐயா,

பார்வை 1-இல் 3.24 கிலோவாட் பேனலுக்கு நாளொன்றுக்குச் சராசரி 12 யூனிட் உற்பத்தி என்று தாங்கள் எழுதியிருக்கிறீர்கள். அதை நம்பியே ஆர்டர் கொடுத்து முழுத் தொகையும் செலுத்தினேன். 1.2.2025 முதல் 31.3.2025 வரை 59 நாட்களில் உற்பத்தி மீட்டர் காட்டியது 442 யூனிட், நாளுக்கு 7.5. தங்கள் கணக்குப்படி 708 யூனிட் வந்திருக்க வேண்டும். இந்தக் காலத்தில் பேனல்கள் கழுவப்பட்டன. மின்தடை நேரங்கள் தனியே குறித்து இணைக்கப்பட்டுள்ளன. தெளிந்த நாட்களில் மதியம் 1.30-க்குப் பின் உற்பத்தி சரிவதையும், அதே நேரத்தில் இரண்டு பேனல்கள் மீது நிழல் விழுவதையும் படங்களில் காணலாம்.

இக்கடிதம் கிடைத்த 7 நாட்களுக்குள் நான் இருக்கும்போது நேரில் அளந்து, முடிவை எழுத்தில் தரவும். 15 நாட்களுக்குள் தங்கள் செலவில் பேனல்களை நிழலற்ற இடத்துக்கு மாற்றியோ வேறு வழியிலோ கொட்டேஷனில் கூறிய உற்பத்தியைத் தரவும். அது இயலாதெனில் குறைவுக்கு ஈடான தொகையைத் திருப்பித் தரக் கோருகிறேன்.

இணைப்பு: கொட்டேஷன் நகல், மீட்டர் படங்கள் 2, செயலி வரைபடம், நிழல் படங்கள், மின்தடை நேரக் குறிப்பு, பணம் கட்டிய ரசீது.

கடிதத்தில் "ஏமாற்றிவிட்டீர்கள்" என்ற சொல் இல்லை. நிழல்தான் காரணம் என்று தீர்ப்பும் எழுதவில்லை, கண்டதை மட்டும் சொல்கிறது. காரணம் வேறாக இருந்தாலும் கோரிக்கை அப்படியே நிற்கும். மின்தடையைக் குறித்ததற்கும் காரணம் உண்டு: பேட்டரி இல்லாத இந்த வகை இன்வெர்ட்டர் கரண்டு போனால் கம்பியில் வேலை செய்பவரின் பாதுகாப்புக்காக நின்றுவிடும், அந்த இழப்பு நிறுவியவர் பொறுப்பல்ல.

சில கொட்டேஷன்களில் "12 யூனிட் வரை", "வானிலையைப் பொறுத்தது" என்று இருக்கும். அப்போது பார்வை 2 உதவும். 2024-இல் தொடங்கிய பி.எம். சூர்யா கர் திட்டத்தில் மானியத்தோடு போட்ட அமைப்பென்றால், வாடிக்கையாளரும் நிறுவியவரும் கையெழுத்திடும் மாதிரி ஒப்பந்தத்தில் செயல்திறன் விகிதம் 75 சதவீதம் என்று இருக்கிறது. பேனல் மேல் விழுந்த வெயிலுக்குக் கணக்குப்படி 100 யூனிட் வர வேண்டுமென்றால் குறைந்தது 75 வந்தாக வேண்டும் என்று அதற்குப் பொருள். அதை 5 ஆண்டுக்குக் காப்பதும் நிறுவியவர் பொறுப்பு. வெயிலை அளக்கும் கருவியைப் பேனல் அருகே வைத்து அளப்பதால் "வானிலை" என்ற சாக்கு எடுபடாது. கொட்டேஷனில் அப்படி மழுப்பல் இருந்தால், கடிதத்தில் 12 யூனிட்டை விட்டுவிட்டு இந்த 75-ஐ அளந்து காட்டச் சொல்லுங்கள்.

கடிதத்தை ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, கிடைத்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். நகலை வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் சூர்யா கர் இணையதளத்தில் புகார் பதியலாம், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அதற்கும் அசையாவிட்டால் விழுப்புரத்தில் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமில்லை. ஆனால் குறை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட்டாக வேண்டும். "அடுத்த வாரம் ஆளனுப்புகிறேன்" என்ற வாய்ச்சொல்லில் அந்தக் காலம் கரைந்துவிடக் கூடாது.

நல்ல நிறுவியவரென்றால் இந்தக் கடிதம் பார்த்ததும் வருவார். பேனலை மாற்றி வைத்துவிட்டு, "சரியாகிவிட்டது" என்று எழுதிக் கையெழுத்துக் கேட்பார். அன்றே போட வேண்டாம். அன்று காலை மீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டு, தெளிந்த வெயில் உள்ள 15 நாள் ஓடவிடுங்கள். நாளுக்கு 12 வந்தால் கையெழுத்துப் போடுங்கள். 9-இல் நின்றால், அதே பார்வை வரியோடு இரண்டாவது கடிதம் எழுதுங்கள்.