கம்பியில் குத்திய டி.சி.

திருப்பூரில் நான் வாரம் இரண்டு நாள் கணக்குப் பார்க்கும் பனியன் கம்பெனி ஒன்றில் பேக்கிங் செக்‌ஷன் கீழே இருக்கிறது, ஆபீஸ் மாடியில் இருக்கிறது. நடுவில் பதினாறு படிகள். அந்தப் படிகளை மூன்று காகிதங்கள் ஏறி வராததால் கைவிட்டுப் போகவிருந்த பணத்தைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

கம்பெனி சிறியது. ஏற்றுமதி செய்யும் பெரிய நிறுவனம் ஒன்றுக்குத் தைத்து, மடித்து, பெட்டியில் போட்டுக் கொடுக்கிறார்கள். அதற்கு அட்டைப்பெட்டி வேண்டும். பெட்டி செய்பவரும் சிறு தொழில்காரர்தான், இவர்களோடு பல வருடப் பழக்கம். ஆர்டர் கொடுத்தால் ஒரே நடையில் கொண்டுவர மாட்டார். இங்கேயும் அத்தனை பெட்டியை அடுக்க இடம் கிடையாது. எனவே வண்டி இரண்டு மூன்று நடை வரும். ஒவ்வொரு நடைக்கும் ஒரு டி.சி., அதாவது டெலிவரி சலான். எல்லாம் வந்து முடிந்த பிறகு மொத்தமாக ஒரு பில்.

அந்த முறை வந்த பில்லில் இருந்தது இதுதான்: ஏழு பிளை பெட்டி 1,200, ஒன்று ₹66, ஆக ₹79,200. வண்டி வாடகை ₹1,800. வரி சேர்க்காமல் மொத்தம் ₹81,000. பில்லோடு 341, 356, 372 என்ற எண்களில் மூன்று டி.சி. நகல்களும் பின் அடித்து இணைக்கப்பட்டிருந்தன. 500, 400, 300 என்று கூட்டினால் 1,200 சரியாக வந்தது. ஆபீஸில் இருக்கும் பெண் டிக் அடித்து, பணம் அனுப்ப வேண்டிய பில்களோடு சேர்த்து வைத்திருந்தார்.

அவர் சரிபார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அவர் ஒப்பிட்ட இரண்டு காகிதங்களும் பெட்டிக்காரர் எழுதியவை. பில் அவருடையது, பின் அடித்த டி.சி.யும் அவருடைய புத்தகத்திலிருந்து எடுத்த நகல். ஒரே கை எழுதிய இரண்டு காகிதம் ஒத்துப்போவதில் அதிசயம் இல்லை.

மூன்று காகிதங்களை ஒப்பிடுவது என்று நாங்கள் சொல்வது வேறு. முதலாவது பர்ச்சேஸ் ஆர்டர், என்ன விலைக்கு எவ்வளவு கேட்டோம் என்பது. இரண்டாவது சரக்கு வரவு, நம் வாசலில் நம் ஆள் எண்ணி எடுத்தது எவ்வளவு என்பது. மூன்றாவது பில், அவர் எவ்வளவு கேட்கிறார் என்பது. மூன்றும் எந்த அளவுக்கு ஒத்துப்போகிறதோ அந்த அளவுக்குத்தான் பணம். முதலாவதும் மூன்றாவதும் எப்படியும் ஆபீஸுக்கு வந்துவிடும். தொலைந்துபோவது நடுவில் இருப்பதுதான்.

கீழே இறங்கிப் போய்ப் பேக்கிங் பார்க்கும் அக்காவிடம் கேட்டேன். "நம்ம காப்பியா? அங்க இருக்குதுங்க சார்" என்று சுவரைக் காட்டினார். வளைந்த கம்பி ஒன்றில் ஒரு வருடத்து டி.சி.க்கள் குத்தியிருந்தன, எல்லாம் ரோஸ் நிறத் தாள். 356-ஐ உருவினேன். 400 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவில், "40 நனைஞ்சது, திருப்பி அனுப்பியாச்சு, 360" என்று எழுதி, டிரைவரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார். 372-இல் 300-ஐச் சுழித்து 285 என்று எழுதியிருந்தார். அதிலும் டிரைவரின் கையெழுத்து இருந்தது.

285 எப்படி வந்தது என்று கேட்டேன். பெட்டிகள் மடித்த நிலையில் கட்டாக வரும், கட்டுக்கு 25. டிரைவர் பன்னிரண்டு கட்டு என்றார், கட்டும் பன்னிரண்டுதான். ஆனால் சுவரோரம் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியபோது மூன்று கட்டுகள் மற்றவற்றைவிடத் தாழ்ந்து நின்றன. நாடாவை அறுக்காமல் விளிம்பில் விரலை வைத்து எண்ணியிருக்கிறார், ஒவ்வொன்றிலும் 20. கட்டை எண்ணுகிறவருக்கு இந்தக் குறை ஒருநாளும் தெரியாது. உயரத்தைப் பார்க்கிறவருக்கு எண்ணும் முன்பே தெரிந்துவிடும்.

ஆக, இரண்டாவது காகிதம் இருந்தது, அதுவும் மிக நன்றாக எழுதப்பட்டு இருந்தது. மாடிக்குத்தான் வரவில்லை. அக்காவிடம் யாரும் கேட்டதும் இல்லை.

பிறகு ஆர்டரைத் தேடினேன். அது முதலாளியின் போனில் வாட்ஸ்அப் செய்தியாக இருந்தது: 1,200 பெட்டி, ஏழு பிளை, ₹64. இப்போது கணக்குப் போடலாம். ஏற்றுக்கொண்ட பெட்டிகள் 500, 360, 285, ஆக 1,145. ஆர்டர் விலை ₹64. பெருக்கினால் ₹73,280. பில் ₹81,000. வித்தியாசம் ₹7,720. வராத 55 பெட்டிக்கு ₹3,520, எல்லாப் பெட்டிக்கும் இரண்டு ரூபாய் ஏற்றியதில் ₹2,400, வண்டி வாடகை ₹1,800. தர வேண்டியதைவிடப் பத்தரை சதவீதம் கூடுதல். தையல் கூலியில் பைசா கணக்குப் பார்க்கும் ஒரு கம்பெனிக்கு இது சின்னத் தொகை இல்லை.

முதலாளி என் முன்னாலேயே போன் செய்தார்.

"அண்ணா, ஆர்டர்ல அறுபத்திநாலுங்க, பில்லு அறுபத்தாறுல வந்திருக்குது."

"பேப்பர் ரேட் ஏறிப்போச்சு தம்பி."

"ஏறுனா சரக்கு ஏத்தறதுக்கு முன்னாடி சொல்லீருக்கோணும்ல அண்ணா? மூணு நடையும் எறக்கியாச்சே."

விலையை அவர் ஒப்புக்கொண்டார். நனைந்த 40 பெட்டியைக் கேட்டதும், டிரைவர் சொல்லவே இல்லையே என்று உண்மையிலேயே திகைத்தார். குறைந்த 15-க்கும் டிரைவர் கையெழுத்தைப் படம் எடுத்து அனுப்பியதும் பேச்சு முடிந்தது. அவர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் நம்பவில்லை. எங்கள் படிக்கட்டு போலவே அவருடைய வண்டிக்கும் ஆபீஸுக்கும் நடுவிலும் ஏதோ ஒன்று இருந்திருக்கிறது.

வண்டி வாடகையில் மட்டும் நாங்கள் தோற்றோம். எப்போதும் அவர் வண்டி, அவர் செலவு என்று முதலாளி சொன்னார். வழக்கம் அப்படித்தான். ஆனால் அந்த வாட்ஸ்அப் செய்தியில் 'இடம் சேர்த்து' என்ற இரண்டு வார்த்தை இல்லை. ஆர்டரில் இல்லாத ஒன்றைப் பில்லோடு ஒப்பிட முடியாது. ₹1,800 கொடுத்தோம். இறுதியாகத் தர வேண்டியது ₹75,080 என்று ஆனது.

மீதி ₹5,920-ஐக் கழித்துக்கொண்டு பணம் அனுப்பிவிடலாம் என்று முதலாளி நினைத்தார். அங்கேதான் வரி குறுக்கே வருகிறது. பெட்டிக்காரரின் ஜி.எஸ்.டி. கணக்கில் 1,200 பெட்டிக்கான பில் ஏறிவிட்டது, அது நம் `GSTR-2B`-யிலும் அப்படியே தெரியும். ஆனால் கையில் வந்து சேர்ந்த சரக்குக்கு மட்டுமே உள்ளீட்டு வரி வரவு எடுக்கலாம் என்பது சட்டம். நாம் ஒரு டெபிட் நோட் எழுதினால் நம் புத்தகம் சரியாகும். அவர் கணக்கு சரியாக வேண்டுமானால் அவர்தான் கிரெடிட் நோட் போட வேண்டும். எனவே ₹5,920-க்கும் அதற்குரிய வரிக்கும் கிரெடிட் நோட் கேட்டு வாங்கினோம்.

இன்னொரு காலக்கெடுவும் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. பெட்டிக்காரர் நுண் அல்லது சிறு உற்பத்தியாளராகப் பதிவு செய்தவர் என்றால், எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டம். சரக்கில் குறை இருந்தால் அதையும் சரக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் சொல்லியாக வேண்டும். அப்படிச் சொன்னால், அவர் அந்தக் குறையைத் தீர்த்த நாளிலிருந்துதான் காலக்கெடு ஓடும். சொல்லாவிட்டால் சரக்கு வந்த நாளே ஏற்றுக்கொண்ட நாளாகிவிடும். பில் வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று இருந்தால், முதல் நடையின் 15 நாள் பில் வருவதற்குள் முடிந்திருக்கும். ஆகவே குறையை அன்று மாலையே தெரிவிக்க வேண்டும். டி.சி.யைப் படம் எடுத்துச் சப்ளையருக்கு அனுப்பினால் எழுத்திலும் ஆயிற்று, தேதியும் பதிந்துவிடும்.

அதன் பிறகு அங்கே மாற்றியது கொஞ்சம்தான். ஆர்டர் வாட்ஸ்அப்பிலேயே போகிறது, ஆனால் எண், அளவு, பிளை, விலை, வண்டி யார் செலவு, இந்த ஐந்தும் இல்லாமல் போகாது. அக்காவுக்கு ஒரு வரவுப் புத்தகம் கொடுத்தோம். ஆர்டரில் எத்தனை பெட்டி என்பதை அவரிடம் சொல்வதில்லை. என்ன பொருள், யாரிடமிருந்து என்பது மட்டும்தான். 300 வர வேண்டும் என்று தெரிந்த கண்ணுக்கு 300-தான் தெரியும். டி.சி.யைப் பார்த்து எழுதாமல், எண்ணி எழுதிய பிறகே டி.சி.யில் கையெழுத்துப் போடுகிறார். சாயங்காலம் தாள்கள் மாடிக்கு வருகின்றன.

ஆபீஸில் டாலி இருக்கிறது. அந்த வரவை `Receipt Note` என்று பதிந்துவிட்டு, பில் வரும்போது அதோடு சேர்த்தால், சரக்கு வந்து பில் வராதவையும், பில் வந்து சரக்கு வராதவையும் `Purchase Bills Pending` என்ற அறிக்கையில் தனித்தனியாக நிற்கும். ஆனால் அதைவிட எனக்குப் பிடித்தது ஒரு ரப்பர் ஸ்டாம்ப். பில்லில் சேர்ந்துவிட்ட ரோஸ் தாளின் மேல் 'பில் ஆயிற்று' என்று அடித்து, பில் எண்ணையும் எழுதி விடுகிறார்கள். பில் ஆகாதவை தனிக் கிளிப்பில் இருக்கும். ஒரே டி.சி. இரண்டு பில்லில் வருவதுதான் மொத்தப் பில் போடும் இடங்களில் பிடிபடாமல் போவது. ஒவ்வொரு பில்லையும் தனியாகப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும்.

இந்த ஒப்பீடு எதையெல்லாம் பிடிக்காது என்பதையும் முதலாளியிடம் சொன்னேன். ஆர்டர் விலையே கூடுதலாகப் பேசப்பட்டிருந்தால் மூன்று காகிதமும் அழகாக ஒத்துப்போகும். ஆர்டர் கொடுப்பவரே சரக்கையும் எடுத்தால் மூன்றையும் ஒருவரே எழுதியது போலத்தான். இங்கே விலை பேசுவது முதலாளி, எண்ணுவது அக்கா, ஒப்பிடுவது ஆபீஸ் பெண். ஏழு பிளைக்குப் பதில் ஐந்து பிளை வந்தாலும் எண்ணிக்கையில் தெரியாது. அதற்கு அட்டையின் வெட்டு விளிம்பைப் பார்க்க வேண்டும். ஏழு பிளையில் மூன்று வரிசை அலை இருக்கும், ஐந்து பிளையில் இரண்டுதான். வரவுப் புத்தகத்தில் 'அலை' என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறோம். அக்கா அதில் 3 என்று எழுதுகிறார்.

இரண்டு மாதம் கழித்துப் பெட்டிக்காரரின் அடுத்த பில் வந்தது. அதில் டி.சி. 356 மறுபடி இருந்தது. ஆபீஸ் பெண் ரோஸ் தாளை எடுத்துப் பார்த்தார், ஸ்டாம்ப் அடித்திருந்தது. முதலாளியைக் கூப்பிடும் முன் கிளிப்பையும் ஒருமுறை புரட்டினார். ஸ்டாம்ப் இல்லாமல் 536 என்ற தாள் ஒன்று இருந்தது, அளவும் தேதியும் பில்லில் இருந்ததேதான். எண்ணை மாற்றி எழுதியிருக்கிறார்கள். 356-ஐ அடித்து 536 என்று எழுதி, ஸ்டாம்ப் அடித்து, பணம் அனுப்பும் அடுக்கில் பில்லை வைத்தார்.